மாடித் தொட்டித் தண்ணீர் இரவில் சம்ப்புக்கே திரும்பும்போது: என்ஆர்வி பழுதைக் கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

இரவு பத்து மணிக்கு மோட்டார் போட்டு நிரப்பிய மாடித் தொட்டி, யாரும் ஒரு குழாயைக்கூடத் திறக்காத நிலையில், விடியற்காலையில் கால் பங்கு குறைந்திருக்கும். சுவரில் ஈரம் இல்லை, கழிப்பறைத் தொட்டியில் ஒழுக்கு இல்லை, மொட்டை மாடியும் காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக ஏறியதோ அதே வழியாக இறங்கிச் சம்ப்புக்குப் போயிருக்கக்கூடும். மோட்டாருக்கு அடுத்து ஏற்றக் குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் ஒருவழி வால்வு, அதாவது பிளம்பர்கள் என்ஆர்வி என்று சொல்லும் வால்வு, சரியாக அடைக்காதபோது இது நடக்கிறது.

வழக்கமாக இந்த இடத்தில் பிளம்பரை அழைத்து வால்வை மாற்றிவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே தொல்லை திரும்பவும் வருகிறது. காரணம், வால்வு பழுதானால் ஏற்றக் குழாயில் நிற்கும் தண்ணீர் மட்டுமே இறங்க வேண்டும். தொட்டித் தண்ணீர் இறங்குவதற்கு இன்னொரு குறையும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது குறையைப் புரிந்துகொண்டால்தான் வேலை முழுமையாக முடியும்.

முதலில் குழாயின் வாயைப் பாருங்கள்

மாடிக்கு ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்து, மோட்டாரிலிருந்து வரும் குழாய் எந்த இடத்தில் தொட்டிக்குள் நுழைகிறது, அதன் வாய் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வகை அமைப்புகளைக் காணலாம்.

குழாய் மேலே நுழைந்து, தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேலேயே வாய் திறந்து, தண்ணீர் காற்றில் விழுமாறு இருந்தால், தொட்டியில் இருக்கும் ஒரு சொட்டுகூட அந்தக் குழாய் வழியாகத் திரும்ப முடியாது. வால்வு முற்றிலும் செத்துப்போனாலும் குழாயில் நிற்கும் தண்ணீர் மட்டும் இறங்கும். உள்விட்டம் 25 மி.மீ. உள்ள குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நிற்கும் என்பதால், 12 மீட்டர் உயரத்துக்கு ஆறு லிட்டர்தான் அதிகபட்ச இழப்பு. இந்த அமைப்பில் தொட்டி நூற்றுக்கணக்கான லிட்டர் குறைகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இரண்டாவது வகையில், குழாய் மேலே நுழைந்தாலும் வளைந்து கீழிறங்கித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். தண்ணீர் விழும் சத்தம் மாடி அறையில் கேட்கக் கூடாது என்பதற்காகப் பலர் இப்படி நீட்டிவிடுகிறார்கள். மோட்டார் நின்றதும் குழாய் முழுவதும் தண்ணீரால் நிறைந்திருப்பதால், கீழே வால்வு கசியத் தொடங்கினால், பெட்ரோல் தொட்டியில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இறக்குவதைப் போல, தொட்டித் தண்ணீர் வளைவைத் தாண்டித் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். குழாயின் வாய் வெளியே தெரியும் மட்டம் வரை அது நிற்காது.

மூன்றாவது வகையில், குழாய் தொட்டியின் அடியில் அல்லது அடிப்பக்கவாட்டில் நுழைகிறது. ஏற்றக் குழாயிலிருந்தே வீட்டு இணைப்புகளையும் கிளை பிரித்துக் கொடுத்திருக்கும் பழைய வீடுகளில் இது அதிகம். இங்கே தொட்டிக்கும் சம்ப்புக்கும் நடுவே இருக்கும் ஒரே காவல் அந்த வால்வுதான். அது தவறினால் தொட்டி அடிவரை காலியாகும்.

கீழே எத்தனை தடுப்புகள் இருக்கின்றன

அடுத்து மோட்டாரின் வகையைக் கவனிக்க வேண்டும். மோட்டார் தரைக்கு மேலே இருந்து, உறிஞ்சும் குழாயின் நுனியில் ஃபுட் வால்வு பொருத்தப்பட்டிருந்தால், பாதையில் இரண்டு ஒருவழி வால்வுகள் உள்ளன. மேலிருந்து தண்ணீர் சம்ப்புக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இரண்டும் கசிய வேண்டும். காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் எடுக்காமல் வெறுமனே சுற்றுகிறது, ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் ஃபுட் வால்வும் பழுது என்று சந்தேகிக்கலாம். என்ஆர்வியை மட்டும் மாற்றினால் தொட்டித் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் தண்ணீர் ஊற்றும் தொல்லை தொடரும், ஏனெனில் மோட்டாருக்குள்ளும் உறிஞ்சும் குழாயிலும் தண்ணீரைப் பிடித்து வைப்பது ஃபுட் வால்வின் வேலை.

சம்ப்புக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மோட்டாரில் ஃபுட் வால்வு கிடையாது. அங்கே என்ஆர்வி ஒன்று போனால் போதும், தண்ணீர் பம்பின் வழியாகவே சம்ப்பில் கலந்துவிடும். நீர்மட்டத்துக்கு அடியில் நடப்பதால் மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கசிவு பெரிதாக இருந்தால் பம்பின் உள்சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். அப்படிச் சுற்றும்போதே மோட்டாரைப் போடுவது அதற்குக் கேடு என்பதால், மோட்டார் நின்றவுடன் மீண்டும் சுவிட்சைத் தட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஓர் இரவு அளந்து பாருங்கள்

சந்தேகத்தை உறுதிப்படுத்தச் செலவில்லாத வழி, தொட்டியில் குறைந்ததும் சம்ப்பில் கூடியதும் ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப் பார்ப்பது. இதற்காகத் தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் எல்லாக் குழாய்களின் வால்வுகளையும் மூட வேண்டும். சம்ப்புக்கு வரும் மாநகராட்சிக் குழாயையும் போர் இணைப்பையும் மூட வேண்டும். தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் தொட்டி குறையக் குறைய அது மோட்டாரைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருக்கும். உண்மையில் இந்தப் பழுதைப் பல மாதங்கள் மறைத்து வைப்பது அந்தக் கருவிதான். அதே தண்ணீர் மேலும் கீழும் சுற்றிக்கொண்டிருப்பதை, நள்ளிரவில் காரணமில்லாமல் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கொண்டு மட்டுமே கண்டுகொள்ள முடியும்.

பிறகு ஒரு நேரான குச்சியைத் தொட்டியின் அடிவரை செங்குத்தாக விட்டு நனைந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்ப்பிலும் அவ்வாறே செய்யுங்கள். காலையில் முதல் குழாயைத் திறப்பதற்கு முன் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும்.

தாம்பரம் பக்கம் உறவினர் ஒருவரின் இரண்டு மாடி வீட்டில் நான் செய்து பார்த்த அளவை இங்கே தருகிறேன். 1,000 லிட்டர் கொள்ளளவுள்ள உருண்டைத் தொட்டி. அதன் உள்விட்டம் ஏறத்தாழ 1.1 மீட்டர். ஆகவே அதில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 9.5 லிட்டர் நிற்கும். சம்ப் 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்டது என்பதால் அதில் ஒரு செ.மீ. உயரம் 30 லிட்டருக்குச் சமம். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை தொட்டி 23 செ.மீ. இறங்கியிருந்தது, அதாவது ஏறத்தாழ 218 லிட்டர். சம்ப் 7 செ.மீ. ஏறியிருந்தது; அது 210 லிட்டர். குச்சியால் அளக்கும்போது இந்த எட்டு லிட்டர் வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. ஏழு மணி நேரத்துக்கு இந்த அளவு என்பது நிமிடத்துக்கு அரை லிட்டர். வால்வு உடைந்துவிடவில்லை, மூடிக்கொள்கிறது, ஆனால் இறுக அடைக்கவில்லை என்று இதிலிருந்தே ஊகிக்க முடிந்தது.

தொட்டி குறைந்து சம்ப் ஏறாமல் இருந்தால், ஒழுக்கு வீட்டுக் குழாயிலோ, சரியாக மூடாத வால்விலோ, மண்ணுக்கடியில் செல்லும் ஏற்றக் குழாயிலோ இருக்கிறது. தொட்டி குறையாமல் சம்ப் மட்டும் ஏறினால், மூடியதாக நினைத்த வெளி இணைப்பு ஒன்று உள்ளே விடுகிறது என்று பொருள்.

அந்த வீட்டில் இன்னொரு தடயமும் கிடைத்தது. அவர்கள் கருவியை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, தொட்டி முழுவதும் காலியாகாமல் அடியிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் தண்ணீர் நின்றிருந்தது. தொட்டிக்குள் வளைந்து இறங்கியிருந்த குழாயின் வாயும் சரியாக அந்த உயரத்தில்தான் இருந்தது. தண்ணீர் எங்கே இறங்குவதை நிறுத்துகிறதோ அங்கேதான் வெளியேறும் வாய் இருக்கிறது.

வால்வைக் கழற்றுதல்

முதல் வேலை மின்சாரத்தைத் துண்டிப்பது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மோட்டாருக்கான எம்.சி.பி.யையே இறக்க வேண்டும், ஏனெனில் தானியங்கிக் கருவி எந்த நிமிடமும் மோட்டாரைத் தொடக்கிவிடலாம்.

வால்வைத் தேடிச் சம்ப்புக்குள் இறங்கக் கூடாது. மூடிக் கிடக்கும் சம்ப்பில் மூச்சுக்கான காற்று குறைந்திருக்கும். சுத்தம் செய்ய இறங்கியவரும், அவரைத் தூக்கப் பின்னால் இறங்கியவரும் சேர்ந்தே உயிரிழந்த செய்திகளைச் செய்தித்தாள்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். மூழ்கியிருக்கும் மோட்டாரின் வாயிலேயே வால்வு இருந்தால், மோட்டாரைக் கயிற்றால் மேலே தூக்கித்தான் வேலை செய்ய வேண்டும். மின்கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

அடுத்து மேலிருக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டும். என்ஆர்விக்கு மேலே ஒரு கேட் வால்வு இருந்தால் அதை மூடினால் போதும். இல்லையென்றால், குழாய் மேலே நுழைந்து மூழ்கியிருக்கும் தொட்டியில், வளைவுக்கு அருகே இருக்கும், திருகிக் கழற்றக்கூடிய இணைப்பான யூனியனைத் தளர்த்திக் காற்றை உள்ளே விட்டால் உறிஞ்சல் அறுந்துவிடும். அடியில் நுழையும் குழாய் என்றால் தொட்டியைப் பயன்படுத்திக் காலி செய்துவிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது. எப்படியிருந்தாலும் குழாயில் நிற்கும் தண்ணீர் கொட்டும். ஒரு வாளியை வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வின் உடம்பில் பொறித்திருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கழற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும். அது மோட்டாரிலிருந்து தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். யூனியனைத் திருகும்போது ஒரு ஸ்பானரால் குழாயின் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் திருக வேண்டும். பல ஆண்டு வெயில் பட்ட பிளாஸ்டிக் குழாயை ஒற்றை ஸ்பானரால் முறுக்கினால் வால்வுக்குப் பதிலாகக் குழாயின் கழுத்து உடையும்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்

வீடுகளில் இரண்டு வகை வால்வுகள் பரவலாக உள்ளன. ஒன்றில் கதவைப் போல ஒரு தகடு கீலில் தொங்கிக்கொண்டு, தண்ணீர் வரும்போது திறந்து, நின்றதும் தன் எடையால் விழுந்து மூடும். மற்றொன்றில் ஒரு சிறு வட்டத் தகட்டை ஸ்பிரிங் தள்ளி மூடிவைக்கும். தகடு தொங்கும் வகையைப் படுக்கைக் குழாயில் பொருத்தினால் அதன் மூடி மேல்நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்தோ தலைகீழாகவோ பொருத்தியிருந்தால் புது வால்வும் முதல் நாளிலிருந்தே கசியும். செங்குத்துக் குழாயில் ஸ்பிரிங் வகையே நம்பகமானது.

பழுதுகள் பெரும்பாலும் தகடு வந்து அமரும் விளிம்பில்தான் இருக்கும். மணல், குழாய் அறுத்தபோது விழுந்த பிளாஸ்டிக் துருவல், டெஃப்லான் டேப்பின் நூல் ஆகியவை தகட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் வெள்ளைப் படிவு விளிம்பைச் சுற்றி மேடு பள்ளமாக வளர்ந்திருக்கும். ரப்பர் வளையம் இறுகிக் கல்லாகியிருக்கலாம், அல்லது அதில் வரி விழுந்திருக்கலாம். தாம்பரம் வீட்டில் அரை நகம் அளவுள்ள பிளாஸ்டிக் துருவல் ஒன்று மாட்டியிருந்தது. அது ரப்பரை நெடுநாள் அழுத்தி ஒரு பள்ளத்தையே உண்டாக்கிவிட்டதால், துருவலை எடுத்த பிறகும் கசிவு நிற்கவில்லை.

படிவை நீக்க வால்வை வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். உப்புத்தாளோ கத்தியோ கொண்டு சுரண்டினால் விளிம்பில் கீறல் விழும். பிறகு அந்த வால்வு எப்போதும் அடைக்காது. ஸ்பிரிங் துருவேறியிருந்தாலும், கீல் தேய்ந்து தகடு ஆடினாலும், விளிம்பில் வெட்டு இருந்தாலும் சுத்தம் செய்வதில் நேரம் செலவிட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சுத்தம் செய்த வால்வை வாயால் ஊதிச் சோதிப்பதை நான் நம்புவதில்லை. எச்சில் ஈரமே சிறு கசிவை மறைத்துவிடும். வால்வின் வெளியேறும் பக்கத்தில் ஒரு மீட்டர் குழாய்த் துண்டைப் பொருத்தி, நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். மேலிருந்து அழுத்தும் தண்ணீர் குறைவாக இருக்கும்போதுதான் பல வால்வுகள் அதிகம் கசியும் என்பதால், இந்தச் சிறு உயரத்தில் ஒரு சொட்டும் விழாத வால்வு, மாடி உயரத்து அழுத்தத்திலும் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும்.

புது வால்வைப் பொருத்துதல்

குழாயின் அளவுக்கே வால்வை வாங்க வேண்டும். சிறிய அளவு கைவசம் இருக்கிறது என்று குறைத்துப் போட்டால் தொட்டி நிரம்பும் நேரம் கூடும். பித்தளை உடம்புள்ள ஸ்பிரிங் வகை விலை கூடுதல்தான், ஆனால் கழற்றித் திரும்ப மாட்டத் தாங்கும்.

மோட்டாரிலிருந்து மேலே போகும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஒரு யூனியன், அதன் பிறகு என்ஆர்வி, அதற்கு மேல் இன்னொரு யூனியன், அதற்கும் மேலே கேட் வால்வு. கேட் வால்வு மேலே இருந்தால்தான் அடுத்த முறை தொட்டியைக் காலி செய்யாமல் என்ஆர்வியைக் கழற்ற முடியும். அதை என்ஆர்விக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த இடத்தில் அது இந்த வேலைக்கு உதவாது.

டெஃப்லான் டேப்பைத் திருகு இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். முனையில் ஒரு புரியை விட்டுச் சுற்றினால் நூல் பிரிந்து வால்வுக்குள் போகாது. பிளாஸ்டிக் குழாயில் வேலை செய்பவர்கள் இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒட்டும் பசையை. வால்வைத் திருகிப் பொருத்திவிட்டு அதற்கடுத்த இணைப்பைப் பசை போட்டு ஒட்டினால், வழியும் பசை உள்ளே இறங்கித் தகட்டை விளிம்போடு ஒட்டிவிடும், அல்லது விளிம்பில் ஒரு பொருக்காகக் காய்ந்து புது வால்வையே கசிய வைக்கும். ஒட்ட வேண்டிய இணைப்புகளை முதலில் ஒட்டி, பசை டப்பாவில் குறிப்பிட்ட நேரம் காயவிட்டு, உள்ளே வழிந்திருப்பதைத் துடைத்த பிறகே வால்வைத் திருக வேண்டும். குழாயை அறுத்திருந்தால் துருவல்களைத் தண்ணீர் விட்டுக் கழுவி வெளியேற்றுங்கள்.

உடனே வால்வு வாங்க முடியாத நாட்களில் மோட்டார் நின்றதும் கேட் வால்வைக் கையால் மூடிச் சமாளிக்கலாம். ஆனால் கருவி மூலம் மோட்டார் தானாக ஓடும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது. மூடிய வால்வை எதிர்த்து ஓடும் பம்பில் தண்ணீர் சூடேறி, கசிவைத் தடுக்கும் சீல் கெடும், மோட்டாரும் கெடும்.

குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவருதல்

வால்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரப்பர் ஒரு நாள் இறுகத்தான் செய்யும். ஆகவே மூழ்கியிருக்கும் குழாயை, தொட்டி நிரம்பி வழியும் வாய்க்கும் மேலே வருமாறு அறுத்துவிடுவதே நிலையான தீர்வு. மோட்டார் நின்றதும் அந்த வாய் வழியாகக் காற்று புகும். அடுத்த முறை வால்வு கெட்டாலும் குழாயளவு தண்ணீர்தான் இறங்கும். விழும் சத்தம் தொல்லை என்றால், வாயில் ஒரு வளைவைப் பொருத்தித் தண்ணீர் தொட்டியின் உட்சுவரில் பட்டு வழியுமாறு திருப்பிவிடலாம்.

அறுக்க மனமில்லாதவர்கள், தொட்டிக்குள்ளே, நிரம்பும் மட்டத்துக்கு மேலே, குழாயில் நான்கு மி.மீ. துளை ஒன்றைப் போடுகிறார்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் போன்ற சிறு கசிவுக்கு அந்தத் துளை வழியாக நுழையும் காற்று போதும், உறிஞ்சல் அறுந்துவிடும். ஆனால் வால்வின் தகடே கழன்று விழுந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது, துளை இழுக்கும் காற்றையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடக்கூடும். எனவே அறுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அடியில் நுழையும் குழாயானால், தொட்டிக்குள்ளேயே அதன் வாயில் ஒரு குழாயை நட்டு நிரம்பும் மட்டத்துக்கு மேல் உயர்த்தலாம். அந்த ஏற்றக் குழாயிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்கப்படாமல் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். இணைப்பு இருந்தால், நட்ட குழாய் வீட்டுக்கு வரும் தண்ணீரையும் நிறுத்திவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஏற்றக் குழாயைத் தனியாக மேலே கொண்டுபோய், பழைய குழாயை இறங்கு குழாயாக மட்டும் விட்டுவிட வேண்டும். அந்தச் செலவு இப்போது இயலாது என்றால், இரண்டு என்ஆர்விகளை அடுத்தடுத்துப் போட்டு வைப்பது இடைக்கால ஏற்பாடாக இருக்கும்.

வேலை முடிந்ததைச் சரிபார்த்தல்

குழாயை அறுத்த பிறகு தொட்டி குறையாது என்பதால், தொட்டியை அளந்து வால்வு நன்றாக இருக்கிறதா என்று அறிய முடியாது. தாம்பரம் வீட்டில் அதனால் முதலில் வால்வை மட்டும் மாற்றி, குழாயை மூழ்கிய நிலையிலேயே விட்டு ஓர் இரவு அளந்தோம்; குச்சியில் நனைந்த கோடு காலையிலும் அதே இடத்தில் இருந்தது. மறுநாள்தான் மேலே ஏறிக் குழாயை அறுத்தோம். இனி அங்கே வால்வு பழுதானால் தெரியும் அடையாளம் வேறு: மோட்டார் நின்றதும் ஏற்றக் குழாயில் தண்ணீர் சரசரவென்று இறங்கும் ஓசை, அடுத்த முறை போடும்போது தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்குவதற்கு முன் குழாயிலிருந்து காற்று சீறி வெளிவரும் சில விநாடிகள்.